போரும் வாழ்வும்: பாதியில் நின்ற வாசகருக்கு ஐந்து வீடுகளின் உறவுக்கணக்கு

டால்ஸ்டாயின் ‘போரும் வாழ்வும்’ நாவலைப் பாதியில் மூடி வைத்தவர்களிடம் காரணம் கேட்டால், கதை பிடிக்கவில்லை என்று சொல்பவர்கள் குறைவு. “யார் யாருக்கு என்ன உறவு என்பது குழம்பிவிட்டது” என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். அது நியாயமான காரணம். நாவலில் பெயர் சொல்லப்படுகிறவர்களே ஐந்நூறு பேருக்கு மேல். 1805 ஜூலையில் பீட்டர்ஸ்பர்க் நகரத்து விருந்து ஒன்றில் தொடங்கும் கதை, பதினைந்து ஆண்டுகள் ஓடி 1820-இல் முடிகிறது. நான்கு பாகங்கள், ஒரு பின்னுரை, மொத்தம் 361 அத்தியாயங்கள். நடுவில் இரண்டு வாரம் புத்தகத்தைத் தொடாமல் இருந்தாலே போதும், திரும்பி வரும்போது எல்லா இளவரசர்களும் ஒரே முகமாகத் தெரிவார்கள்.

டி.எஸ்.சொக்கலிங்கத்தின் தமிழ் மொழிபெயர்ப்பிலோ ஆங்கிலத்திலோ இந்த நாவலைத் தொடங்கி, ஏறக்குறைய பாதியில் நின்றுவிட்டவர்களுக்காக எழுதுகிறேன். இரண்டாம் பாகத்தின் இறுதிவரை நடந்தவை மட்டுமே இங்கே வரும். நெப்போலியன் ரஷ்யாவுக்குள் நுழைவது மூன்றாம் பாகத்தின் தொடக்கத்தில். அதற்குப் பின் யார் பிழைக்கிறார்கள், யார் யாரை மணக்கிறார்கள் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை.

ஐந்நூறு பேரை நினைவில் வைக்க வேண்டியதே இல்லை. ஐந்து வீடுகளை வைத்துக்கொண்டால் போதும். பெசுகோவ், பல்கோன்ஸ்கி, ரஸ்தோவ், குராகின், துருபெத்ஸ்கோய் என்பவை அந்த வீடுகள். கதையில் முக்கியமான ஒவ்வொருவரும் இவற்றில் ஒன்றில் பிறந்தவர், அல்லது ஒன்றுக்குள் நுழையப் பார்க்கிறவர். வீட்டைப் பிடித்துக்கொண்டால் ஆள் தானாக வந்து சேர்வார்.

முதலில் பெயர்ச் சிக்கல்

ரஷ்யப் பெயரில் மூன்று துண்டுகள் உண்டு: சொந்தப் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர். நாம் தந்தையின் பெயரைத் தலைப்பெழுத்தாகச் சுருக்கி முன்னால் வைக்கிறோம். அவர்கள் அதை முழுதாக நடுவில் வைக்கிறார்கள். இலியாவின் மகன் நிகோலாய் இலியிச், மகள் நடால்யா இலினிச்னா. மகனுக்கு ‘இச்’, மகளுக்கு ‘னா’ என்று முடியும். குழம்பும்போது இந்த நடுப்பெயரைப் பாருங்கள். ஆந்த்ரேய் நிகோலாயெவிச் என்றும் மரியா நிகோலாயெவ்னா என்றும் வந்தால், இருவரும் நிகோலாயின் பிள்ளைகள், அண்ணனும் தங்கையும் என்று அங்கேயே எழுதியிருக்கிறது.

குடும்பப் பெயரும் பெண்ணுக்கு மாறும். பல்கோன்ஸ்கியின் மகள் பல்கோன்ஸ்கயா, ரஸ்தோவின் மகள் ரஸ்தோவா. இதோடு செல்லப்பெயர்கள் சேரும். நடால்யாவை நடாஷா என்பார்கள், சோஃபியாவை சோன்யா என்பார்கள். மேட்டுக்குடி மக்கள் அன்றாடம் பிரெஞ்சு பேசிய காலம் என்பதால் பிரெஞ்சு வடிவமும் கலக்கும். பியர் என்பவரின் ரஷ்யப் பெயர் பியோத்தர். ஹெலன் ரஷ்ய முறையில் யெலேனா.

‘இளவரசர்’ என்ற பட்டமும் தமிழ் வாசகரைத் திசைதிருப்பும். ஜாரின் பிள்ளை என்று அதற்குப் பொருள் இல்லை. பரம்பரையாக அந்தப் பட்டம் உள்ள குடும்பத்தில் பிறந்த எல்லோரும் இளவரசர், இளவரசிதான். கையில் காசில்லாத விதவைகூட இந்த நாவலில் இளவரசி.

இன்னொரு தொல்லை, ஒரே பெயரைப் பலர் சுமப்பது. நிகோலாய் என்ற பெயரில் மூவர் இருக்கிறார்கள்: பல்கோன்ஸ்கி வீட்டுக் கிழவர், அவருடைய பேரன், ரஸ்தோவ் வீட்டு மகன். மரியா இருவர். ஒருவர் பல்கோன்ஸ்கி வீட்டுப் பெண், மற்றவர் மரியா த்மீத்ரியெவ்னா என்ற மாஸ்கோ மூதாட்டி. அன்னா இருவர். விருந்து நடத்தும் அன்னா பாவ்லோவ்னா ஒருவர், மகனுக்காகச் சிபாரிசு தேடி அலையும் அன்னா மிகாய்லோவ்னா இன்னொருவர். சொந்தப் பெயரோடு நடுப்பெயரையும் சேர்த்தே மனத்தில் பதித்துக்கொண்டால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீரும்.

பெசுகோவ் வீடு: எதிர்பாராத வாரிசு

பெருஞ்செல்வரான கிழப் பிரபு கிரில் பெசுகோவுக்கு முறையான பிள்ளை இல்லை. முறைதவறிப் பிறந்த மகன்களில் ஒருவன் பியர். பருத்த உடல், கண்ணாடி, வெளிநாட்டுப் படிப்பு, சபையில் எதைப் பேசுவது என்று தெரியாத வெகுளித்தனம். கிழவர் சாகும்போது எல்லாச் சொத்தையும் பியருக்கு எழுதி வைத்து, அவனை முறையான மகனாக ஏற்குமாறு ஜாருக்கும் விண்ணப்பம் எழுதியிருக்கிறார். அந்தத் தாள்கள் இருக்கும் பைக்காக, மரணப்படுக்கைக்கு அடுத்த அறையில் ஒரு கைகலப்பே நடக்கிறது. ஒருபக்கம் குராகின் வீட்டு இளவரசர் வசீலியும் கிழவரின் உறவுக்காரப் பெண் ஒருத்தியும். மறுபக்கம் அன்னா மிகாய்லோவ்னா.

வசீலி ஏன் அங்கே வந்தார் என்பதைப் பலர் மறந்திருப்பார்கள். அவருடைய மனைவி வழியில் இந்தச் சொத்துக்கு உரிமை இருந்தது. உயில் செல்லுபடியானால் அது போய்விடும், போயும்விட்டது. சொத்தைப் பறிகொடுத்த வசீலி உடனே வழியை மாற்றுகிறார். தன் மகள் ஹெலனைப் பியருக்குக் கட்டிவைக்கிறார். நாட்டிலேயே பேரழகி என்று பெயரெடுத்தவள் ஹெலன். பியர் காதலித்து மணக்கவில்லை. சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் முடிவானதாகவே நடந்துகொண்டார்கள், மறுக்கும் துணிவு அவனுக்கு இல்லை.

அடுத்து நடந்தவற்றை வரிசையாகச் சொன்னால்: ஹெலனுக்கும் தோலகோவ் என்ற அதிகாரிக்கும் தொடர்பு என்ற பேச்சு பியரின் காதுக்கு வருகிறது. விருந்தொன்றில் சண்டை மூண்டு இருவரும் துப்பாக்கியோடு மோதுகிறார்கள். துப்பாக்கி பிடிக்கவே தெரியாத பியரின் குண்டு தோலகோவைக் காயப்படுத்துகிறது. மனைவியைப் பிரிந்து போகும் வழியில் பியர் பஸ்தேயெவ் என்ற முதியவரைச் சந்தித்து, ஃப்ரீமேசன் சங்கத்தில் சேர்கிறான். சில காலத்துக்குப் பின் ஹெலனோடு மறுபடி ஒரே கூரையின்கீழ் வாழ்கிறான், பெயருக்கு மட்டும் கணவனாக. இரண்டாம் பாகத்தின் முடிவில் அவன் நிலை இதுதான்.

பல்கோன்ஸ்கி வீடு: கண்டிப்பும் பக்தியும்

வழுக்கை மலைகள் என்ற கிராமத்துப் பண்ணையில் வாழ்பவர் முதிய இளவரசர் நிகோலாய் ஆந்த்ரேயெவிச் பல்கோன்ஸ்கி. பழைய தளபதி. நிமிடம் பிசகாத கால ஒழுங்கு, மகளுக்குக் கணிதப் பாடம், தச்சுப் பட்டறையில் கடைசல் வேலை என்று நாளை ஓட்டுகிறவர். டால்ஸ்டாய் தன் தாய்வழிப் பாட்டனார் வல்கோன்ஸ்கியை மனத்தில் வைத்து இவரைப் படைத்தார். குடும்பப் பெயரில் ஓர் எழுத்தைத்தான் மாற்றியிருக்கிறார்.

மகன் ஆந்த்ரேய் கூர்மையான அறிவும், சுற்றியிருக்கும் வாழ்க்கைமேல் சலிப்பும் உள்ளவன். நாவல் தொடங்கும்போது கர்ப்பிணியான மனைவி லீஸாவைத் தந்தை வீட்டில் விட்டுவிட்டுப் போருக்குப் போகிறான். 1805 இறுதியில் ஆஸ்டர்லிட்ஸ் போரில் அடிபட்டு விழுகிறான். இறந்துவிட்டான் என்றே வீட்டில் நினைத்திருக்க, லீஸாவுக்குப் பிரசவ வலி கண்ட அதே இரவில் வந்து சேர்கிறான். அவள் பிள்ளை பெற்று இறந்துபோகிறாள். அந்தப் பிள்ளைதான் மூன்றாவது நிகோலாய், செல்லமாக நிகோலுஷ்கா. ஆந்த்ரேய்க்கும் பியருக்கும் முதல் அத்தியாயங்களிலிருந்தே நெருங்கிய நட்பு. இதை மறந்தால் பின்னால் நடப்பதன் வலி புரியாது.

மகள் மரியா அழகில்லாதவள் என்று தானே நம்புகிறவள். பெரிய, ஒளி நிறைந்த கண்கள், ஆழ்ந்த பக்தி. தந்தையின் கடுஞ்சொல்லைப் பொறுத்துக்கொண்டு, தாயில்லாத அண்ணன் மகனை வளர்க்கிறாள். வீட்டில் அவளுக்குத் துணையாக பூரியென் என்ற பிரெஞ்சுப் பெண் இருக்கிறாள். முன்பு ஒருமுறை வசீலி தன் மகன் அனதோலை அழைத்துக்கொண்டு மரியாவைப் பெண் பார்க்க வந்தார். பெண் பார்க்க வந்த இடத்தில் அனதோல் பூரியெனை அணைத்துக்கொண்டிருந்ததை மரியா பார்த்துவிட்டாள். சம்பந்தம் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். இந்தச் சின்னச் சம்பவத்தை மறந்துவிடாதீர்கள். அனதோல் இந்தக் குடும்பத்துக்கு ஏற்கெனவே தெரிந்தவன்.

ரஸ்தோவ் வீடு: அன்பும் கடனும்

மாஸ்கோவில் எப்போதும் விருந்தினர் நிறைந்திருக்கும் வீடு இது. கிழப் பிரபு இலியா ரஸ்தோவ் கணக்குப் பார்க்கத் தெரியாத தாராள மனத்துக்காரர். தோழி அன்னா மிகாய்லோவ்னாவின் மகனுக்கு ராணுவ உடை வாங்க மனைவி ஐந்நூறு ரூபிள் கேட்டால், எழுநூறு எடுத்துக் கொடுக்கிறவர். அந்தக் குணமே குடும்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடனில் மூழ்கடிக்கிறது.

இவர்களுக்கு நான்கு பிள்ளைகள். மூத்தவள் வேரா, யாரோடும் ஒட்டாதவள். கணக்கில் கெட்டிக்காரனான பெர்க் என்ற அதிகாரியை மணக்கிறாள். கையில் காசில்லாத மாமனாரிடம் வரதட்சிணைக்காக இருபதாயிரம் ரூபிள் ரொக்கமும் எண்பதாயிரத்துக்குக் கடன் பத்திரமும் வாங்கியவன் இந்தப் பெர்க். அடுத்தவன் நிகோலாய், குதிரைப்படை அதிகாரி, வெள்ளை மனத்துக்காரன். மூன்றாமவள் நடாஷா. கடைக்குட்டி பெத்யா.

ஐந்தாவது பிள்ளைபோல் அங்கே வளர்பவள் சோன்யா. இலியா பிரபுவுக்கு மகள் முறை ஆகும் உறவுப் பெண், சொத்தில்லாதவள். சிறுவயது முதல் நிகோலாய்மேல் அவளுக்குக் காதல், அவனும் வாக்குக் கொடுத்திருக்கிறான். நம் ஊர் வாசகருக்கு இதில் என்ன தடை என்று தோன்றும். தடைகள் இரண்டு. அவர்களுடைய திருச்சபை இரத்த உறவுக்குள் மணத்தை எளிதில் ஏற்பதில்லை, தனி அனுமதி வேண்டியிருக்கும் என்ற அச்சம் இருக்கிறது. அதைவிடப் பெரிய தடை பணம். கடனிலிருந்து குடும்பத்தை மீட்க மகன் ஒரு பணக்காரப் பெண்ணைக் கட்ட வேண்டும் என்பது தாயின் தீர்மானம். சோன்யாவையே மணப்பேன் என்று நிகோலாய் சொன்ன அன்றிலிருந்து தாய்க்கும் அவளுக்கும் நடுவே கசப்பு வளர்கிறது.

குராகின், துருபெத்ஸ்கோய்: நுழையப் பார்க்கிறவர்கள்

குராகின் வீட்டைப் பற்றிப் பாதிக்குமேல் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். இளவரசர் வசீலி அரசவையில் செல்வாக்குள்ளவர், சந்தர்ப்பம் பார்த்து நடப்பவர். அவருக்கு மூன்று பிள்ளைகள்: மந்த புத்திக்காரன் இப்பொலித், ஊதாரியான அனதோல், பியரின் மனைவி ஹெலன். பெசுகோவ் வீட்டுக்குள் மகளை அனுப்பி வென்றார், பல்கோன்ஸ்கி வீட்டுக்குள் மகனை அனுப்பித் தோற்றார். இந்த ஒரு வாக்கியத்தில் வசீலியின் கதை முழுவதும் அடங்கிவிடும்.

துருபெத்ஸ்கோய் வீட்டில் இருவர்தான். விதவைத் தாய் அன்னா மிகாய்லோவ்னா, மகன் பரீஸ். தாய் ரஸ்தோவ் வீட்டம்மாளின் பழைய தோழி, பரீஸ் பெசுகோவ் கிழவரின் ஞானமகன். அதனால்தான் உயில் சண்டையில் அந்த அம்மாள் பியரின் பக்கம் நின்றார். பியருக்கு வந்தால் தன் மகனுக்கும் ஏதாவது கிடைக்கும் என்ற கணக்கு. பரீஸ் சிறுவயதில் ரஸ்தோவ் வீட்டில் வளர்ந்தவன், நடாஷாவின் முதல் காதலன். வளர்ந்தபின் அந்தக் காதலைக் கைவிட்டு, பெரும் நிலச்சொத்துள்ள ஜூலி கராகினாவை நிச்சயம் செய்துகொள்கிறான். ஜூலி வேறு யாருமல்ல, முதல் பாகத்தில் மரியாவுக்கு நீண்ட கடிதங்கள் எழுதிய தோழி.

வீடுகளுக்கு நடுவே ஒரு மனிதன்

ஐந்து வீட்டிலும் சேராத ஒருவன் எல்லா வீட்டையும் தொடுகிறான். அவன்தான் தோலகோவ். பணமில்லை, பின்புலமில்லை, அச்சமும் இல்லை. பியரோடு மோதிக் காயம்பட்டதைப் பார்த்தோம். அந்த மோதலில் தோலகோவுக்குத் துணை நின்றவன் நிகோலாய் ரஸ்தோவ். அந்த நட்பில் ரஸ்தோவ் வீட்டுக்கு வரத் தொடங்கி, சோன்யாவைப் பெண் கேட்கிறான். நிகோலாயை மனத்தில் வைத்திருக்கும் சோன்யா மறுக்கிறாள்.

மறுப்புக்குப் பழி வாங்கும் இடம் சீட்டாட்ட மேசை. நிகோலாயை ஆட்டத்துக்கு இழுத்து, அவன் தோல்வி நாற்பத்து மூவாயிரம் ரூபிள் ஆகும்வரை விடாமல் ஆடுகிறான். அந்த எண் ஏன் என்றால், தோலகோவின் வயதையும் சோன்யாவின் வயதையும் கூட்டினால் வருவது நாற்பத்து மூன்று. ரஸ்தோவ் வீட்டுக் கடன் திரும்ப முடியாத அளவுக்குப் போனதில் இந்த இரவுக்குப் பெரிய பங்கு உண்டு. சீட்டாட்ட அத்தியாயத்தை வெறும் சூதாட்டக் காட்சியாகப் படித்தவர்களுக்குப் பிறகு வரும் தாயின் பிடிவாதம் விளங்காது. பணக்கார மருமகள் வேண்டும் என்ற அந்த அம்மாளின் வற்புறுத்தல் இந்த மேசையிலிருந்தும் வருகிறது.

இதே காலத்தில் நிகோலாயின் படைத்தோழன் தெனீசோவ் நடாஷாவைப் பெண் கேட்டு மறுக்கப்படுகிறான். குள்ளமான, ‘ர’ உச்சரிக்கத் தடுமாறும் நல்ல மனிதன். அவன் பெயரும் வசீலிதான், குராகின் வசீலியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஓர் இரவு, ஒரு நாடகக் கொட்டகை

உறவுகள் பிடிபட்டனவா என்று சோதித்துப் பார்க்க நாவலிலேயே ஓர் இடம் இருக்கிறது. இரண்டாம் பாகத்தின் ஐந்தாம் பகுதியில், மாஸ்கோ இசைநாடக அரங்கில் நடக்கும் இரவு. பலர் வழி தவறுவதும் இங்கேதான். ஏனென்றால் டால்ஸ்டாய் ஏறக்குறைய எல்லா வீட்டையும் ஒரே கூரையின்கீழ் உட்கார வைத்துவிட்டு, யார் யார் என்று மறுபடி விளக்காமல் போகிறார்.

முன்கதை இது. மனைவியை இழந்து வாழ்க்கையே முடிந்துவிட்டது என்றிருந்த ஆந்த்ரேய், ரஸ்தோவ்களின் அத்ராத்னோயே பண்ணைக்கு வேலையாகப் போனபோது நடாஷாவைப் பார்த்தான். பின்பு புத்தாண்டுக்கு முந்தைய இரவில் பீட்டர்ஸ்பர்க் நடன விருந்தில் அவளோடு ஆடினான். அங்கே அவளோடு ஆடும்படி அவனிடம் கேட்டுக்கொண்டவன் பியர். நிச்சயம் ஆகிறது. ஆனால் ஆந்த்ரேயின் தந்தை ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுகிறார். ஆந்த்ரேய் வெளிநாடு போய்விடுகிறான். அந்த ஆண்டு முடியும் தறுவாயில் நடாஷா தந்தையோடும் சோன்யாவோடும் மாஸ்கோ வந்து, தன் ஞானத்தாய் மரியா த்மீத்ரியெவ்னா வீட்டில் தங்குகிறாள். வருங்கால மாமனாரையும் நாத்தனாரையும் பார்க்கப் போகிறாள். கிழவர் வேண்டுமென்றே அவமதிக்கிறார், மரியாவாலும் அவளோடு இயல்பாகப் பேச முடியவில்லை. அந்தப் புண் ஆறுமுன் நாடகத்துக்குப் போகிறாள்.

இப்போது அரங்கைச் சுற்றிப் பாருங்கள். எதிரே ஜூலியோடும் அவள் தாயோடும் உட்கார்ந்திருப்பவன் பரீஸ், தன்னைக் கைவிட்ட முதல் காதலன். பின்னால் மகனின் வெற்றியில் பூரித்து உட்கார்ந்திருக்கிறார் அன்னா மிகாய்லோவ்னா. முன்வரிசைக்கு அருகே பாரசீக உடையில் எல்லோர் கண்ணும் படும்படி நிற்பவன் தோலகோவ். அண்ணனிடம் நாற்பத்து மூவாயிரம் பறித்தவன், சோன்யா மறுத்தவன். பக்கத்து இருக்கைப் பெட்டிக்கு வந்து சேரும் பேரழகி ஹெலன், பியரின் மனைவி. பிறகு உள்ளே வரும் அழகன் அனதோல், ஹெலனின் உடன்பிறந்தவன். வருங்கால நாத்தனார் மரியாவைப் பெண் பார்க்கப் போய்த் திரும்பி வந்தவன்.

இந்த உறவுகள் நினைவிருந்தால் அடுத்து நடப்பது தெளிவாக விளங்கும். ஹெலன் நடாஷாவைத் தன் பக்கத்தில் அழைத்துப் புகழ்ந்து, தம்பிக்கு வழி செய்து கொடுக்கிறாள். அனதோல் அனுப்பும் காதல் கடிதத்தை எழுதிக் கொடுப்பவன் தோலகோவ். ஓடிப்போக ஏற்பாடு நடக்கிறது. அனதோலுக்கு போலந்தில் ஏற்கெனவே ரகசியமாகத் திருமணம் ஆகிவிட்டது என்பது நடாஷாவுக்குத் தெரியாது. திட்டத்தைக் கண்டுபிடித்துக் காப்பாற்றுபவள் சோன்யா. தடுத்து நிறுத்துபவர் மரியா த்மீத்ரியெவ்னா. ஆனால் அதற்குள் நடாஷா நிச்சயத்தை முறித்து மரியாவுக்குக் கடிதம் எழுதிவிடுகிறாள்.

உண்மையைச் சொல்ல வருபவன் பியர். அவன் ஆந்த்ரேயின் நண்பன், அனதோலின் சகோதரியைக் கட்டியவன். இரண்டு பக்கத்துக்கும் உறவாக அவன் ஒருவனே இருப்பதால் அந்தப் பாரம் அவன் தலையில் விழுகிறது. மச்சினனை ஊரைவிட்டுத் துரத்துகிறான், நண்பன் திருப்பித் தந்த நடாஷாவின் கடிதங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறான், நஞ்சருந்திப் பிழைத்துக் கிடக்கும் நடாஷாவிடம் ஆறுதல் சொல்லப் போய்த் தன் மனத்தையே அறிந்துகொள்கிறான். வெளியே வந்தவன் வானத்தில் அந்தப் பெரிய வால்நட்சத்திரத்தைப் பார்க்கிறான். 1811-12 காலத்தில் உண்மையிலேயே ஐரோப்பா முழுதும் தெரிந்த வால்நட்சத்திரம் அது. இரண்டாம் பாகம் அங்கே முடிகிறது.

தமிழ் வாசகர் கவனிக்க வேண்டிய ஒரு விதி

மூன்றாம் பாகத்துக்குள் போகுமுன் ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நம்மிடையே பெண் கொடுத்துப் பெண் எடுப்பது வழக்கம். ஒரு வீட்டு அண்ணன் தங்கை, இன்னொரு வீட்டுத் தங்கை அண்ணனை மணப்பது உறவை இறுக்கும் நல்ல சம்பந்தம் என்போம். ரஷ்யத் திருச்சபையின் அன்றைய விதி இதற்கு நேர் எதிர். ஒரு திருமணம் நடந்துவிட்டால் இரு வீட்டாரும் உறவினர் ஆகிவிடுவார்கள், எனவே அவர்களுக்குள் இரண்டாவது திருமணம் கூடாது. ரஸ்தோவ் வீட்டுப் பெண் பல்கோன்ஸ்கி வீட்டுக்கு மருமகளாகப் போனால், ரஸ்தோவ் வீட்டுப் பிள்ளை பல்கோன்ஸ்கி வீட்டுப் பெண்ணைக் கட்ட முடியாது.

இது எங்கே, யாருக்குப் பயன்படப்போகிறது என்பதை நீங்களே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த விதியை அறியாமல் படித்தால், பின்னால் ஒரு பெண் எழுதும் ஒரு கடிதத்தின் காரணம் பாதிதான் புரியும்.

எங்கிருந்து மறுபடி தொடங்குவது

முதல் பக்கத்துக்குத் திரும்ப வேண்டாம். அப்படித் திரும்பியவர்களில் பலர் அதே இடத்தில் மறுபடியும் நிற்கிறார்கள். இரண்டாம் பாகத்தின் ஐந்தாம் பகுதியை எடுங்கள். இருபத்திரண்டு சிறிய அத்தியாயங்கள்தான். அதன் முதல் சில அத்தியாயங்கள் பியர், மரியா, பரீஸ் மூவரும் இப்போது எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பதைத் தாமாகவே நினைவூட்டும். பிறகு நடாஷா மாஸ்கோ வருகிறாள், நாடக இரவு வருகிறது, ஒரே மூச்சில் மூன்றாம் பாகத்தின் வாசலுக்கு வந்துவிடுவீர்கள்.

ஒரு தாளில் ஐந்து வீட்டின் பெயரையும் எழுதிப் புத்தகத்துக்குள் வையுங்கள். ஒவ்வொரு வீட்டின் கீழும் நான்கைந்து பெயருக்குமேல் வேண்டாம். மூன்றாம் பாகத்திலிருந்து ஜார் அலெக்சாண்டர், நெப்போலியன், தளபதி குதுசோவ், பர்க்லாய் என்று வரலாற்று மனிதர்கள் கூட்டமாக வருவார்கள். அவர்களை அந்தத் தாளில் ஏற்றாதீர்கள். ஐந்து வீட்டாரோடு அவர்களுக்கு உறவு கிடையாது, யார் எந்தப் பக்கத்துப் படை என்பது தெரிந்தால் போதும். புதிதாக ஒரு பெயர் வந்து தடுமாறினால் அவர் இந்த ஐந்து வீட்டில் யாருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். விடை கிடைக்காவிட்டால் அவர் அந்த ஓர் அத்தியாயத்தோடு போகிறவராகவே பெரும்பாலும் இருப்பார், தயங்காமல் கடந்து போகலாம்.

பாதியில் நின்றவர்கள் இந்த நாவலின் கடினமான பாதியைத் தாண்டிவிட்டார்கள். ஆட்களை அறிமுகம் செய்யும் வேலை முதல் இரண்டு பாகங்களில் பெரும்பாலும் முடிந்துவிட்டது. இனி வருவது, நன்றாகத் தெரிந்த இருபது பேருக்கு ஒரு பெரும்போரில் என்ன நேர்கிறது என்ற கதை. மூடி வைத்த புத்தகத்தை இந்த வாரம் எடுங்கள்.